மூச்சுக் காற்றில் கலோரிக் கணக்கு: பெங்களூரு ஆய்வு உணர்த்திய உண்மையும் கையடக்கக் கருவிகளின் வரம்பும்

பெங்களூரு: படுத்திருக்கும்போதும் மனித உடல் ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது. இதயம் துடிக்கவும், மூளை இயங்கவும், உடல் வெப்பம் குறையாமல் இருக்கவும் ஒரு நாளைக்கு எத்தனை கலோரி தேவை என்ற கேள்விக்கு, மருத்துவர்களும் உணவு ஆலோசகர்களும் பெரும்பாலும் ஒரு சூத்திரத்தின் மூலமே விடை சொல்கின்றனர். எடை, வயது, பாலினம் ஆகியவற்றைக் கொடுத்தால் சூத்திரம் ஓர் எண்ணைத் தருகிறது. ஆனால் அந்த எண் இந்தியர்களுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற ஐயத்தை ஆய்வகத்தில் அளந்து எழுப்பிய இடங்களில் பெங்களூருவும் ஒன்று.

இப்போது அந்த அளவீட்டை உள்ளங்கையில் அடங்கும் கருவி கொண்டே செய்துவிடலாம் என்ற நிலை வந்துள்ளது. கருவியில் பத்து நிமிடம் மூச்சுவிட்டால் திரையில் கலோரி எண் தோன்றுகிறது. அந்த எண் எவ்வாறு கிடைக்கிறது, எப்போது அதை நம்பலாம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில் அது ஏன் தனிக் கவனம் கோருகிறது என்பது குறித்த விளக்கம் வருமாறு.

மூச்சிலிருந்து கலோரியைக் கணிப்பது எப்படி?

உணவிலுள்ள மாவுச்சத்தையும் கொழுப்பையும் உடல் ஆக்ஸிஜனுடன் சேர்த்து எரிக்கிறது. அப்போது கார்பன் டை ஆக்சைடும் நீரும் வெப்பமும் உண்டாகின்றன. வெப்பத்தை நேரடியாக அளக்க, மனிதரை முழுவதுமாக மூடிய அறைக்குள் வைத்து, அறை எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க வேண்டும். அது கடினமான, செலவு மிகுந்த வழி. அதற்குப் பதிலாக, உடல் எடுத்துக்கொண்ட ஆக்ஸிஜனையும் வெளியேற்றிய கார்பன் டை ஆக்சைடையும் அளந்து, அதிலிருந்து வெப்பத்தைக் கணக்கிடுவதே மறைமுகக் கலோரி அளவீடு எனப்படுகிறது.

இதற்கான கணக்கை 1949-ஆம் ஆண்டு வெயர் என்ற உடலியல் அறிஞர் எளிமைப்படுத்தினார். உடல் பயன்படுத்திய ஒவ்வொரு லிட்டர் ஆக்ஸிஜனையும் 3.941 ஆல் பெருக்க வேண்டும். வெளியேறிய ஒவ்வொரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடையும் 1.106 ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் செலவான கிலோ கலோரி கிடைக்கும். உணவு குறித்த பேச்சில் கலோரி என்று சொல்லப்படுவது இந்தக் கிலோ கலோரியையே.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். 25 வயதும் 60 கிலோ எடையும் உள்ள ஓர் ஆண் அமைதியாகப் படுத்திருக்கிறார். அவரது உடல் நிமிடத்துக்கு 210 மில்லி லிட்டர் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு, 172 மில்லி லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது என்று கொள்வோம். வெயர் கணக்கின்படி நிமிடத்துக்கு ஒரு கலோரிக்குச் சற்றே அதிகமாகச் செலவாகிறது. ஒரு நாளின் 1,440 நிமிடங்களுக்கு அது சுமார் 1,466 கலோரி. இதுவே அவரது ஓய்வுநிலை ஆற்றல் செலவு. நடப்பது, வேலை செய்வது, உணவைச் செரிப்பது ஆகியவற்றுக்கான ஆற்றல் இதற்கு மேல் சேரும்.

வெளியேறிய கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்ட ஆக்ஸிஜனால் வகுத்தால் கிடைப்பது சுவாச ஈவு. இந்த மனிதருக்கு அது 0.82. உடல் முழுக்க முழுக்கக் கொழுப்பை எரித்தால் ஈவு 0.7-ஐ ஒட்டியும், முழுக்க மாவுச்சத்தை எரித்தால் 1-ஐ ஒட்டியும் இருக்கும். இரவு முழுவதும் உண்ணாமல் காலையில் அளக்கும்போது பெரும்பாலும் இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணே வரும்.

சூத்திரம் எங்கே தவறியது?

உலக அளவில் பின்பற்றப்பட்ட சூத்திரங்களை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு, உலக சுகாதார அமைப்பு, ஐ.நா. பல்கலைக்கழகம் ஆகியவை 1985-இல் கூட்டாக வெளியிட்டன. ஸ்கோஃபீல்டு தொகுத்த தரவுகளே அவற்றுக்கு அடிப்படை. அத்தரவுகளில் இருந்த 7,173 அளவீடுகளில் 3,388 இத்தாலியர்களுடையவை, அதாவது ஏறக்குறையப் பாதி. வெப்பமண்டல நாடுகளில் வாழ்வோரின் அளவீடுகள் மிகச் சிலவே இடம்பெற்றிருந்தன.

அந்தச் சூத்திரத்தின்படி, மேலே கண்ட 60 கிலோ எடையுள்ள இளைஞருக்கு நாளொன்றுக்கு 1,597 கலோரி ஓய்வுநிலையிலேயே செலவாக வேண்டும். அளந்தபோது கிடைத்ததோ 1,466. வேறுபாடு சுமார் 130 கலோரி, ஏறக்குறைய இரண்டு இட்லிக்குச் சமம். நாள்தோறும் இரண்டு இட்லி கூடுதலாக உண்ணச் சொல்வது, எடையைக் குறைக்க வந்தவருக்குச் சிறிய பிழை அன்று.

இந்த இடைவெளியைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உடலியல் துறையைச் சேர்ந்தவர்கள். பிரகாஷ் ஷெட்டி, மரியோ சோரஸ், அனுரா குர்பாட் உள்ளிட்டோர் 1980-களிலும் 1990-களிலும் தென்னிந்திய ஆண்களிடமும் பெண்களிடமும் இந்த அளவீட்டைச் செய்தனர். அளவீட்டு முறை மாறினால் எண் மாறுகிறதா என்பதையும் தனியே சோதித்து, 1989-இல் முடிவை வெளியிட்டனர். இந்திய ஆண்களுக்கெனத் தனிச் சூத்திரங்களை 1993-இல் முன்வைத்தனர். உலகச் சூத்திரம் இந்தியர்களின் செலவைச் சுமார் பத்தில் ஒரு பங்கு மிகைப்படுத்திக் காட்டுகிறது என்பது அவர்களின் முடிவு.

இந்த வேறுபாட்டுக்கு அதைவிட நீண்ட வரலாறு உண்டு. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினோர் மேசன், அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் பெனடிக்டுடன் இணைந்து தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றத்தை அளந்து 1931-இல் வெளியிட்டார். அமெரிக்கப் பெண்களுக்கான அளவுகோலை விட அது குறைவாக இருப்பதை அந்த ஆய்வு அப்போதே பதிவு செய்தது.

அப்படியானால் இந்தியர்களின் உடல் இயல்பிலேயே மந்தமாக எரிகிறதா? இந்தக் கேள்விக்கு 1998-இல் வெளியான, இந்திய மற்றும் ஆஸ்திரேலியத் தரவுகளை ஒப்பிட்ட ஆய்வு விடை தந்தது. சோரஸும் ஷெட்டியும் அதில் பங்கேற்றனர். கொழுப்பு நீங்கிய உடல் எடையை, அதாவது தசை, உறுப்புகள், எலும்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டபோது, இனம் காரணமான வேறுபாடு எதுவும் எஞ்சவில்லை. ஒரே எடையுள்ள இருவரில், கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் உள்ளவரின் ஓய்வுநிலைச் செலவு குறைவு. எடையை மட்டும் கேட்கும் சூத்திரத்துக்கு இது தெரியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் வல்லுநர் குழு, உலகச் சூத்திரத்தை விட 5 சதவீதம் குறைத்த சூத்திரத்தைப் பரிந்துரைத்ததற்கும் இத்தகைய சான்றுகளே பின்னணி. அதன்படி இளம் ஆண்களுக்கு எடையை 14.5 ஆல் பெருக்கி 645-ஐக் கூட்ட வேண்டும். 60 கிலோ இளைஞருக்கு அது 1,515 கலோரி. அளந்த எண்ணுக்கு இது நெருக்கம் என்றாலும், சமன் அன்று. சூத்திரம் எதுவாயினும் அது ஒரு கூட்டத்தின் சராசரியையே சொல்லும். ஒரு தனி மனிதருக்கான விடை வேண்டுமானால் அளந்துதான் அறிய வேண்டும்.

ஆய்வகத்தில் அளப்பது எப்படி?

ஆய்வகத்தில் படுத்திருப்பவரின் தலைமீது ஒளிபுகும் பிளாஸ்டிக் கவிகை வைக்கப்படுகிறது. ஒரு விசிறி அதன் வழியே நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் காற்றை இழுக்கிறது. அவர் இயல்பாக மூச்சு விடுகிறார். வாயில் எதையும் கவ்வ வேண்டியதில்லை. இழுக்கப்படும் காற்றில் ஆக்ஸிஜன் எவ்வளவு குறைந்தது, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு கூடியது என்பதைக் கருவி தொடர்ந்து பதிவு செய்கிறது.

இங்கே துல்லியம் எவ்வளவு தேவை என்பதைக் கவனிக்க வேண்டும். அறைக் காற்றில் 20.93 சதவீதம் ஆக்ஸிஜன் உள்ளது. நம் எடுத்துக்காட்டு மனிதர் நிமிடத்துக்கு 210 மில்லி லிட்டர் ஆக்ஸிஜனை எடுப்பதால், 40 லிட்டர் ஓட்டத்தில் அது 20.4 சதவீதமாகக் குறைகிறது. அரை சதவீத வேறுபாட்டை அளந்தே முழுக் கணக்கும் நடக்கிறது. உணரி 0.02 சதவீதம் தவறினாலும் ஆக்ஸிஜன் கணக்கு ஏறக்குறைய 4 சதவீதம் பிழையாகிவிடும். ஆகவேதான் அளவீடு தொடங்கும் முன், செறிவு தெரிந்த வாயுக் கலவையைச் செலுத்திக் கருவி திருத்தப்படுகிறது.

முழுக் கருவியும் சரியாக இயங்குகிறதா என்பதை அறிய மற்றோர் எளிய சோதனையும் உண்டு. கவிகைக்குள் எடை பார்த்த எத்தனால் எரிக்கப்படுகிறது. ஒரு கிராம் எத்தனால் எரியும்போது சுமார் 1.46 லிட்டர் ஆக்ஸிஜன் செலவாகி, 0.97 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவர வேண்டும். சுவாச ஈவு 0.67 எனக் காட்ட வேண்டும். எண் வேறாக இருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது அல்லது உணரி பிசகியிருக்கிறது என்று பொருள்.

கையடக்கக் கருவி எதை அளக்கிறது?

கையடக்கக் கருவியில் கவிகை இல்லை. மூக்கைக் கவ்வியால் அடைத்துக்கொண்டு, வாய்க்குழல் அல்லது முகமூடி வழியே மூச்சுவிட வேண்டும். வெளிவரும் மூச்சு அறைக் காற்றுடன் அதிகம் கலக்காததால், அதில் ஆக்ஸிஜன் சில சதவீதம் வரை குறைந்திருக்கும். அளக்க வேண்டிய வேறுபாடு பெரிது என்பதால், சிறிய, விலை குறைந்த உணரியே போதும். இதுவே கருவி உள்ளங்கைக்குள் அடங்குவதன் இரகசியம்.

இவ்வகையில் முன்னோடியான அமெரிக்கத் தயாரிப்பு மெட்ஜெம், ஆக்ஸிஜனையும் மூச்சின் அளவையும் மட்டுமே அளக்கிறது. கார்பன் டை ஆக்சைடை அளக்காமல், சுவாச ஈவு 0.85 என்று வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் உருவான பிரீஸிங் கருவி, நிறம் மாறும் வேதி உணரிகளைக் கொண்டு இரு வாயுக்களையும் அளக்கிறது.

ஒரு வாயுவை மட்டும் அளந்தால் பிழை வராதா? வரும், ஆனால் எந்த வாயு என்பதைப் பொறுத்தது அதன் அளவு. நம் எடுத்துக்காட்டு மனிதரின் ஈவை 0.82-க்குப் பதில் 0.85 என்று வைத்துக்கொண்டால் 1,466 என்பது 1,476 ஆகிறது. வேறுபாடு பத்தே கலோரி. அவரது உண்மையான ஈவு 0.75 ஆக இருந்தாலும் பிழை 2 சதவீதத்தைச் சற்றே தாண்டும். கலோரிக் கணக்கில் ஆக்ஸிஜனின் பங்கே பெரிது என்பதே காரணம்.

மறுபுறம், கார்பன் டை ஆக்சைடை மட்டும் அளந்து ஆக்ஸிஜனை ஊகித்தால், அதே 0.75 ஈவுள்ளவருக்குப் பிழை 10 சதவீதத்தை நெருங்கும். ஆகையால் கார்பன் டை ஆக்சைடை மட்டும் பார்த்து, உடல் கொழுப்பை எரிக்கிறதா மாவுச்சத்தை எரிக்கிறதா என்று சொல்லும் மூச்சுக் கருவிகளை ஓய்வுநிலைச் செலவை அளக்கும் கருவிகளாகக் கருதக் கூடாது. அசிட்டோனை மோப்பம் பிடிக்கும் கருவிகளுக்கும் இது பொருந்தும்.

பெங்களூருவின் உயரம் ஏன் முக்கியம்?

வெயர் கணக்கில் வரும் லிட்டர் என்பது சாதாரண லிட்டர் அன்று. பூஜ்யம் டிகிரி வெப்பநிலையில், 760 மி.மீ. பாதரச அழுத்தத்தில், ஈரமில்லாத வாயுவின் லிட்டர் அது. அளந்த மூச்சை அந்த நிலைக்கு மாற்றிய பிறகே பெருக்க வேண்டும்.

கடற்கரையில் உள்ள சென்னையில் காற்றழுத்தம் 760 மி.மீ.-ஐ ஒட்டியே இருக்கும். பெங்களூருவில் அது சுமார் 683 மி.மீ. மட்டுமே. அழுத்தம் குறைந்தால் அதே அளவு ஆக்ஸிஜன் அதிக இடத்தைப் பிடிக்கும். எனவே பெங்களூருவில் அளந்த ஒரு லிட்டர் மூச்சில் இருக்கும் ஆக்ஸிஜன், சென்னையில் அளந்த ஒரு லிட்டர் மூச்சில் இருப்பதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு.

கருவி இதை அறியாமல், கடல் மட்ட அழுத்தத்தையே வைத்துக் கணக்கிட்டால் என்ன ஆகும்? எண் 11 முதல் 12 சதவீதம் வரை உயர்ந்துவிடும். உண்மையில் 1,466 கலோரி செலவிடும் இளைஞருக்குத் திரையில் சுமார் 1,640 தோன்றும். உலகச் சூத்திரம் சொல்லும் 1,597-ஐக் கூட அது தாண்டிவிடுகிறது. இந்தியர்களுக்குச் சூத்திரம் மிகைப்படுத்துகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் கண்டறிந்த வேறுபாடு முழுவதையும், அழுத்தத்தைத் திருத்தாத ஒரே கருவி மறைத்துவிடும். அளவீடு சூத்திரத்தை உறுதிசெய்வதுபோல் தோன்றும். ஆனால் இரண்டுமே தவறாக இருக்கும்.

நல்ல கருவிகளில் காற்றழுத்த உணரி உள்ளேயே இருக்கும். அல்லது அழுத்தத்தைப் பயனர் பதிவிட வேண்டியிருக்கும். பதிவிடும்போது மற்றொரு பொறி காத்திருக்கிறது. வானிலைச் செயலிகள் பொதுவாகக் காட்டுவது கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். பெங்களூருவிலும் அது 1,010 ஹெக்டோபாஸ்கலை ஒட்டியே தெரியும். உண்மையில் அங்கே நிலவுவது சுமார் 910 ஹெக்டோபாஸ்கல். செயலியின் எண்ணைப் பதிவிட்டால், திருத்தம் செய்தும் செய்யாததுபோல் ஆகிவிடும். மைசூரு, உதகை, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தவறான அளவீட்டைக் கண்டறிவது எப்படி?

கருவி சரியாக இருந்தாலும், அளக்கப்படுபவரின் நிலை எண்ணை மாற்றிவிடும். காலையில் ஒரு டம்ளர் காபி அருந்திவிட்டு வந்தாலோ, மாடிப்படி ஏறி வந்தவுடன் அமர்ந்தாலோ, எண் உயரும். குறைந்தது எட்டு மணி நேரம் உண்ணாமலும், காபி, தேநீர், புகையிலை இல்லாமலும், முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி இல்லாமலும் வர வேண்டும். மிதமான வெப்பமுள்ள அறையில் அரை மணி நேரம் ஓய்வெடுத்த பிறகே அளவீடு தொடங்க வேண்டும்.

வாய்க்குழலைக் கவ்வியதும் பலர் தம்மை அறியாமலேயே வேகமாக மூச்சுவிடுகின்றனர். அப்போது உடலில் தேங்கியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுவாச ஈவு 1-ஐத் தாண்டும். பட்டினியோடு ஓய்வில் இருப்பவருக்கு அத்தகைய ஈவு இயல்பானது அன்று. எனவே முதல் ஐந்து நிமிட அளவுகளை ஒதுக்கிவிட்டு, ஏற்ற இறக்கம் பத்து சதவீதத்துக்குள் அடங்கிய அடுத்த ஐந்து நிமிடங்களை மட்டும் கணக்கில் கொள்வது ஆய்வக வழக்கம். ஆக்ஸிஜனை மட்டும் அளக்கும் கருவியில் ஈவு தெரியாது என்பதால், இந்த எச்சரிக்கை மணியும் அதில் இல்லை.

எதிர்த்திசையிலும் பிழை வரலாம். மூக்குக் கவ்வி தளர்ந்திருந்தாலோ, உதட்டோரம் காற்று கசிந்தாலோ, மூச்சின் ஒரு பகுதி கருவியை அடைவதில்லை. எண் குறைந்துவிடும். 60 கிலோ ஆணுக்குத் திரையில் ஆயிரம் கலோரி என்று தோன்றினால், அவரது உடல் மந்தமாகிவிட்டது என்று முடிவு செய்யும் முன் கசிவைத்தான் தேட வேண்டும். அந்த எண்ணை நம்பி உணவைக் குறைப்பவர் தேவைக்கும் கீழே உண்ண நேரிடும்.

இவை அனைத்தையும் கடைப்பிடித்தாலும், ஒரே மனிதரின் ஓய்வுநிலைச் செலவு நாளுக்கு நாள் 3 முதல் 5 சதவீதம் வரை மாறுவது இயல்பு. 1,466 கலோரியில் அது சுமார் 44 முதல் 73 கலோரி. சென்ற மாதத்தைவிட 50 கலோரி கூடியிருக்கிறது என்று காட்டும் அறிக்கை, மாற்றம் எதையும் மெய்ப்பிக்கவில்லை. கையடக்கக் கருவிகளை ஆய்வகக் கருவிகளோடு ஒப்பிட்ட சோதனைகளில், குழுவின் சராசரி நெருங்கி வந்தபோதும், தனி நபர்களிடம் நூறு கலோரிக்கும் மேற்பட்ட விலகல் காணப்பட்டுள்ளது.

அளந்துகொள்ள விரும்புவோர் மையத்தில் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கருவி ஆக்ஸிஜனை நேரடியாக அளக்கிறதா? ஊரின் உண்மையான காற்றழுத்தம் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளதா? அறிக்கையில் இறுதி எண் மட்டும் உள்ளதா, நிமிட வாரியான அளவுகளும் உள்ளனவா? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்து, இரு வேறு காலைகளில் எடுத்த எண்களும் ஒன்றுக்கொன்று 5 சதவீதத்துக்குள் அமைந்தால், அந்த எண்ணைச் சூத்திரத்தைவிட மேலாகக் கொண்டு உணவைத் திட்டமிடலாம். விடை கிடைக்காவிட்டால், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் சூத்திரமே செலவில்லாத, நம்பத்தக்க தொடக்கப் புள்ளியாக இருக்கும்.